கடைசிச் செய்தியில் ஓர் இதயக் குறி: விடைபெறுதலா, தட்டிக்கழித்தலா?

இரண்டு வாட்ஸ்அப் உரையாடல்களின் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவதில் ஒருவர் "சரி, அப்ப சனிக்கிழமை பாக்கலாம்" என்று எழுதுகிறார். எதிரில் இருப்பவர் அந்தச் செய்தியின்மேல் ஒரு சிவப்பு இதயத்தை ஒட்டுகிறார். பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது, இருவருக்கும் நிறைவு. இரண்டாவதில் ஒருவர் "இந்த வாரம் ஏனோ மனசே சரியில்ல" என்று எழுதுகிறார். அதன்மேலும் அதே சிவப்பு இதயம்; அங்கும் பேச்சு நிற்கிறது. எழுதியவர் மட்டும் திரையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஹார்ட் போட்டுட்டுப் போயிட்டா" என்று பிறகு யாரிடமாவது அவர் சொல்லக்கூடும். அந்தச் சொற்றொடரிலேயே குறை இருக்கிறது.

குறி ஒன்றுதான், போட்டவரின் அன்பும் இரண்டு இடத்திலும் ஒரே அளவாக இருக்கலாம். அப்படியிருந்தும் ஒன்று மரியாதையாகவும் மற்றது உதாசீனமாகவும் படுவதற்குக் காரணம், இதயம் எந்தச் செய்தியின்மேல் போய் உட்கார்ந்தது என்பதும், அந்தச் செய்தி எதைத் திறந்து வைத்திருந்தது என்பதும்தான்.

## ரியாக்ஷன் என்பது என்ன, என்ன அல்ல

செய்திக்குப் பதிலாக ஒரு சின்னத்தை ஒட்டும் வழக்கம் பழையதன்று. ஃபேஸ்புக்கில் 2009-இல் விருப்பக்குறி வந்தது. 2016-இல் இதயம், சிரிப்பு, அழுகை முதலியவை அதனுடன் சேர்ந்தன. அதே ஆண்டில் ஐபோனின் செய்திச் செயலியும் குறி ஒட்டும் வசதியைக் கொடுத்தது. வாட்ஸ்அப்புக்கு அது 2022 மே மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. முதலில் கிடைத்தவை ஆறே குறிகள்: கட்டைவிரல், இதயம், சிரிப்பு, வியப்பு, கண்ணீர், கூப்பிய கை. சில மாதங்களில் எந்த எமோஜியையும் ஒட்டலாம் என்றானது.

இந்த வசதிக்கு மூன்று இயல்புகள் உண்டு. பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன.

1. ரியாக்ஷன் தனக்கென ஒரு வரியை எடுத்துக்கொள்வதில்லை. அது உரையாடலின் அடியில் புதிய செய்தியாக வந்து சேராமல், ஏற்கெனவே உள்ள செய்தியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கடைசியாகப் பேசியவர் யார் என்று பார்த்தால், இதயம் பெற்றவர்தான் கடைசியாகப் பேசியவர். இதயம் போட்டவர் பேசவே இல்லை.

2. அது முழுச் செய்தியின்மேலும் விழுகிறது. நான்கு வாக்கியங்கள் உள்ள செய்தியில் மூன்றாவது வாக்கியத்துக்கு மட்டும் இதயம் போட வழியில்லை. எந்த வாக்கியத்துக்காக அது வந்தது என்பதைப் பெறுபவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

3. அது செய்தியைப் பார்த்துவிட்டதற்குச் சாட்சி. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கூட, ஓர் இதயத்தைப் போட்டதும் செய்தியைப் பார்த்ததை ஒப்புக்கொண்டவராகிறார். "நான் இன்னும் பார்க்கலை" என்ற சாக்கு அதன்பிறகு அவருக்கு இல்லை.

மூன்றாவது இயல்பு சற்றுக் கொடுமையானது. எந்தப் பதிலும் வராதபோது, எழுதியவர் எதிராளியின் மௌனத்துக்குப் பல காரணங்களைக் கற்பித்துக்கொள்ளலாம்: வண்டி ஓட்டுகிறார், சார்ஜ் இல்லை, குழந்தையைத் தூங்க வைக்கிறார். இதயம் வந்ததும் அந்தக் காரணங்கள் எல்லாம் அடிபட்டுப்போகின்றன. பார்த்தார், ஒரு நொடி செலவழித்தார், அதற்குமேல் செலவழிக்கவில்லை என்பதே மிஞ்சுகிறது. இதயமே வராமல் இருந்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும் என்று சிலர் சொல்வது இதனால்தான்.

## பேச்சு எப்படி முடிகிறது

உரையாடலை முடிப்பது தானாக நடக்கும் காரியமன்று என்பதை 1973-இல் இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தொலைபேசிப் பேச்சுகளைக் கொண்டு விளக்கினார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது: ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசுவதுதான் உரையாடலின் விதி என்றால், அந்த விதி ஓரிடத்தில் நின்றுபோவதை இருவரும் ஒரே நேரத்தில் எப்படி ஒப்புக்கொள்கிறார்கள்? ஒருவர் சட்டென நிறுத்தினால் மற்றவருக்கு அது முடிவாகத் தெரியாது, மௌனமாகத்தான் தெரியும்.

அவர்கள் கண்ட விடையில் இரண்டு படிகள் உண்டு. முதலில் யாராவது ஒருவர் "எனக்குச் சொல்ல வேறு ஒன்றுமில்லை" என்பதை ஒரு சிறு சொல்லால் காட்டுகிறார். அது உண்மையில் ஒரு வாய்ப்பளிப்பு; எதிரிலிருப்பவரிடம் சொல்லாத சேதி ஏதேனும் மிச்சமிருந்தால் அவர் அதை அப்போது எடுத்துவிடலாம். அவரும் அதே போன்ற சொல்லால் கைவிரித்தால்தான் இரண்டாம் படியான விடைபெறும் சொற்கள் வருகின்றன.

தமிழில் தொலைபேசியில் பேசும் எவருக்கும் இது கைப்பழக்கம். "அப்புறம்?" என்கிறார் ஒருவர். "அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்" என்கிறார் மற்றவர். "வேற?" "வேற ஒண்ணுமில்ல." "சரி, அப்ப வச்சிடட்டுமா?" "சரி, சரி." இந்த "அப்புறம்?" வெளியிலிருந்து கேட்பவருக்குப் பொருளற்ற இழுவை போலத் தோன்றும், செய்வதோ நுட்பமான வேலை. அம்மாக்களின் பேச்சில் முக்கியமான சேதி பாதி நாள் இந்த "வேற?"வுக்குப் பிறகுதான் வெளியே வரும். நேரில் பிரியும்போது "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்பதும், அதற்கு எதிரிலிருப்பவர் "சரி, வாங்க" என்று விடை கொடுப்பதும் இதே அமைப்பில் சேரும். ஒருவர் மட்டும் விடைபெற்றால் விடைபெறுதல் பாதியில் நிற்கும்.

அரட்டைச் செயலியில் இந்த ஏற்பாடு குலைகிறது. அங்கே வைத்துவிட ரிசீவர் இல்லை. ஒருவரோடான அரட்டை வருடக்கணக்காக ஒரே நீளத் திரையாகத் தொடர்கிறது. நேற்றைய பேச்சு முடிந்ததா, இன்றையது புதிதா என்பதற்கு நடுவில் வரும் தேதியைத் தவிர வேறு எல்லைக்கல் கிடையாது. ஆகவே இங்கே முடிய வேண்டியது உரையாடலன்று. பதில் எழுத வேண்டிய கடன்தான். இப்போது யார் பக்கம் கடன் நிற்கிறது, அதைத் தீர்த்தாகிவிட்டதா என்பதை இருவரும் ஒரேபோல் கணக்கிட்டால் அரட்டை நல்லபடி ஓய்கிறது. இதயக் குறி நுழைவது இந்தக் கணக்கில்தான்.

## கணக்கு தீர்ந்த இடத்தில் விழும் இதயம்

பேச்சின் பெரும்பகுதி இரட்டைகளாக நடக்கிறது: கேள்வியும் பதிலும், அழைப்பும் ஏற்பும், வேண்டுகோளும் ஒப்புதலும். முதற்பாதி வந்தால் இரண்டாம் பாதி வந்தாக வேண்டும், வராவிட்டால் வராததே ஒரு செய்தியாகிவிடும். இரண்டும் வந்தபின் மூன்றாவதாக ஒரு சின்ன அசைவு சேர்வதுண்டு. "நாளைக்குக் கடை உண்டா?" "உண்டு, பத்து மணிக்குத் திறப்பாங்க." "ஆங், சரி." இந்த "ஆங், சரி" புதிதாக எதையும் கேட்பதில்லை, கிடைத்தது என்று முத்திரை வைத்து அந்த இரட்டையை மூடுகிறது.

இதயக் குறி மிக நன்றாகப் பொருந்துவது இந்த மூன்றாம் இடத்தில். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, பதில் சொன்னவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பது மட்டுமே தெரிய வேண்டும். சொல்லாக எழுதினால் இங்கே ஒரு தொல்லை உண்டு. "தேங்க்ஸ்" என்றால் "பரவால்ல" என்று எழுத வேண்டும். அதற்கு ஒரு சிரிப்பு, சிரிப்புக்கு ஒரு கூப்பிய கை என்று அது நீளும். ஒவ்வொரு முடிவுச் சொல்லும் தானே ஒரு புதிய செய்தியாகி, இன்னொரு முடிவுச் சொல்லைக் கேட்கிறது. ரியாக்ஷன் வரியை எடுத்துக்கொள்ளாது என்ற முதல் இயல்பு இங்கே வரமாகிறது: அது எதையும் பதிலுக்குக் கேட்பதில்லை. இதயத்தின்மேல் இதயம் போட முடியாது. கடைசிச் சொல்லை எதிராளிக்கே விட்டுக்கொடுத்து எழுந்து போகும் பண்பு அதில் இருக்கிறது.

கதை கேட்கும்போது "ம்" கொட்டுவதையும் இதற்கு ஒப்பிடலாம். கதை சொல்பவரின் முறையை "ம்" பறிப்பதில்லை, கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் காட்டுகிறது. ஆனால் கதை சொல்பவர் நிறுத்தி, "அப்போ அவன் என்ன செஞ்சிருப்பான் சொல்லு?" என்று கேட்கும்போதும் "ம்" என்றே கொட்டினால், கேட்பவர் தூங்கிவிட்டார் என்று பொருள்.

## கணக்கு தீராத இடத்தில் விழும் இதயம்

ஒரு முதற்பாதியின்மேல் இதயம் விழுந்து, அதன்பின் ஒன்றும் வராவிட்டால், இரண்டாம் பாதி வர வேண்டிய இடத்தை மூன்றாவது அசைவு பிடித்துக்கொண்டதாகிறது. பதில் சொல்லாமலே முத்திரை வைத்தாயிற்று. இது மூன்று வகைகளில் நடக்கிறது. மூன்றும் ஒரே கனமுடையவை அல்ல.

முதலாவது, நேர்க் கேள்வி. "எத்தனை மணிக்கு வரீங்க?" என்பதற்கு இதயம் வந்தால் அது வெறும் குழப்பம். எவரும் பெரிதாகப் புண்படுவதில்லை. திரும்பக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, அழைப்பும் வேண்டுகோளும். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்களேன், மதியம் சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்ற செய்திக்கு இதயம் மட்டும் வருகிறது. இது வருகிறேன் என்பதா, அழைத்ததற்கு மகிழ்ச்சி என்பதா? நேரில் ஓர் அழைப்பை மறுப்பவர் உடனே "இல்லை" என்று சொல்வதில்லை. சற்றுத் தயங்குவார், "அடடா" என்பார், ஒரு காரணம் சொல்வார், "அடுத்த வாரம் பாக்கலாமா" என்பார். மறுப்பின் கசப்பைக் குறைப்பது இந்தத் தயக்கமும் காரணமும்தான். இதயம் அந்த உழைப்பு முழுவதையும் தவிர்த்துவிடுகிறது. மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அழைத்தவர் சோறு வைக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் சனிக்கிழமை இரவு வரை காத்திருக்கிறார்.

"கிடைத்தது" என்பதற்கும் "சம்மதம்" என்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கனடாவின் சாஸ்காட்செவன் மாகாணத்தில், 2021-இல் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. அவர் ஒரு கட்டைவிரல் எமோஜியைப் பதிலாக அனுப்பினார். விதை வந்து சேரவில்லை. ஒப்பந்தம் கைக்கு வந்தது என்று தெரிவிக்கவே அதை அனுப்பியதாக விவசாயி வாதிட்டார். 2023-இல் நீதிமன்றம் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 2024-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. நம் பொருளுக்கு முக்கியமானது நீதிபதி அந்த முடிவுக்கு வந்த விதம். அதே விவசாயி முந்தைய ஒப்பந்தங்களுக்கு "ஓகே", "சரி" என்பது போன்ற ஓரிரு சொல்லில் பதில் அனுப்பி, சொன்னபடி சரக்கையும் கொடுத்திருந்தார். அந்த இருவருக்கிடையே குறும்பதில் என்றால் சம்மதம் என்ற பழக்கம் ஏற்கெனவே இருந்தது. குறியின் பொருளை அகராதியில் தேடாமல், இருவரின் பழைய கொடுக்கல் வாங்கலில் தேடினார்கள். இதயக் குறிக்கும் இதைவிடச் சரியான அளவுகோல் கிடைப்பது அரிது.

மூன்றாவது, மனக்குறை. இதுதான் அதிகம் காயப்படுத்துவது. ஏனென்றால் வடிவத்தில் அது கேள்வியே அல்ல. "என்னத்தச் சொல்றது போ" என்று ஒருவர் எழுதினால், இலக்கணப்படி அதற்குப் பதில் தேவையில்லை. ஆனால் தமிழ் பேசும் எவரும் அதை "ஏன், என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கு இடம் விட்டு வைத்த வாக்கியமாகவே எழுதுகிறார், அப்படியே படிக்கவும் படுகிறது. குறையைச் சொல்பவர் நேராகக் கேட்கக் கூச்சப்பட்டுக் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைக்கிறார். தள்ளித் திறப்பது கேட்பவர் வேலை. இதயம் அந்தக் கதவை மெதுவாகச் சாத்திவிடுகிறது. சாத்தியவர் அன்போடு சாத்தினார் என்பதால் முறையிடவும் முடியாது. "நான் ஹார்ட்தானே போட்டேன்" என்பதற்கு என்ன மறுமொழி சொல்வது?

## ஓர் உரையாடல், வரிவரியாக

மேற்சொன்ன மூன்று இயல்புகளும் ஒரே இடத்தில் கூடும்போது என்ன நடக்கிறது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. ஒரே அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்த இரு பெண்கள். இளையவர் மூத்தவரை அக்கா என்று அழைப்பவர். இரவு நேரம். காட்சி விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. ஆனால் இதன் சாயல் பெரும்பாலோர் தொலைபேசியில் இருக்கும்.

9:12, அக்கா: "பாப்பாவுக்கு ஸ்கூல் அட்மிஷன் கிடைச்சுதா?"
9:14, தங்கை: "கிடைச்சுடுச்சு அக்கா. நீங்க சொன்ன மாதிரியே டி.சி. ஒரிஜினல்தான் கேட்டாங்க"
9:15, அக்கா: "நல்லதாப் போச்சு மா"
9:17, தங்கை: "ரொம்ப தேங்க்ஸ் அக்கா"
9:17, தங்கை: "நீங்க சொல்லலன்னா அலைஞ்சிருப்பேன்"
9:19, தங்கை: "இங்கதான், இவருக்கு வேலை இன்னும் ஒண்ணும் அமையல"
9:19, தங்கை: "பாப்போம்"
9:31, அக்கா: "பாப்போம்" என்ற செய்தியின்மேல் ❤️

முதல் மூன்று வரிகளில் கேள்வி, பதில், முத்திரை மூன்றும் முடிந்துவிட்டன. 9:17-இல் வந்த இரண்டு செய்திகள் நன்றி. பேச்சு அத்துடன் நின்றிருந்தால், "அலைஞ்சிருப்பேன்" என்பதன்மேல் ஓர் இதயம் மிகப் பாந்தமான முடிவாக இருந்திருக்கும்.

9:17-க்கும் 9:19-க்கும் நடுவில் இரண்டு நிமிட இடைவெளி இருக்கிறது. தொலைபேசிப் பேச்சாக இருந்தால் "வேற?" என்ற கேள்வி வந்திருக்க வேண்டிய இடம் அது. அரட்டையில் யாரும் கேட்கவில்லை. தங்கை தானாகவே மிச்சமிருந்ததை எடுத்து வைக்கிறார். "இங்கதான்" என்ற தொடக்கம், நல்ல சேதி ஒருபுறம் இருக்க, மறுபுறம் வேறு என்பதைக் காட்டுகிறது. எழுதியவுடன் தமக்கே கூச்சமாகி, அதே நிமிடத்தில் "பாப்போம்" என்று ஒரு மூடியையும் போட்டுவிடுகிறார். "பாப்போம்" இரண்டு வேலை செய்யும் சொல். கேட்பவருக்கு விருப்பமில்லை என்றால் பேச்சை அங்கே முடித்துக்கொள்ளலாம் என்று விடுதலை கொடுக்கிறது. விருப்பம் இருந்தால் மேலே கேட்கலாம் என்று இடமும் விடுகிறது. எந்த வழி என்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அக்காவுக்குப் போகிறது.

அக்காவின் பக்கத்தில் என்ன நடந்திருக்கும்? அவர் பன்னிரண்டு நிமிடம் கழித்து அரட்டையைத் திறக்கிறார். நான்கு செய்திகளையும் சேர்த்தே படிக்கிறார். கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், திரையின் அடியில் இருப்பது "பாப்போம்". அதை அழுத்திப் பிடித்தால் குறிகள் வரிசையாக எழுகின்றன; இதயத்தைத் தொடுகிறார். அவர் மனத்தில் அந்த இதயம் நான்கு செய்திகளுக்கும் சேர்த்துப் போட்டது: நன்றியை ஏற்றுக்கொண்டேன், வேலை விஷயம் கேட்டு வருத்தம், எல்லாம் சரியாகும், இரவாகிவிட்டது, தூங்கு. இத்தனையும் அதில் அடங்கியிருப்பதாக அவர் நம்புகிறார்.

தங்கைக்குத் தெரிவது ஒரு சொல்லின்மேல் ஒரு குறி. முழுச் செய்திக்கும் ஒரே குறி என்ற இரண்டாம் இயல்பு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது: பேச்சை நான்கு துண்டாக வெட்டி அனுப்பியதால், குறி எந்தத் துண்டின்மேல் விழுந்தது என்பதே ஒரு தகவலாகிவிட்டது. "வேலை அமையல" என்ற துண்டின்மேல் விழுந்திருந்தால், கேட்டுக்கொண்டார் என்று ஆறுதல் அடைந்திருப்பார். நன்றித் துண்டின்மேல் விழுந்திருந்தால், குறையை அவர் தொடவே இல்லை என்பது வெளிப்படையாக இருந்திருக்கும். "பாப்போம்" என்பதன்மேல் விழுந்ததால், தாம் கொடுத்த விடுதலையை அக்கா எடுத்துக்கொண்டார் என்று படிக்கிறார். சொன்னதே தப்போ என்ற எண்ணம் இங்கேதான் தொடங்குகிறது.

இருவரில் ஒருவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் தன்மை. ஆனால் சிறு மாற்றம் போதுமானதாக இருந்திருக்கும். "நாளைக்குக் கூப்பிடறேன் மா" என்ற ஒரே வரி, இதயத்துடன் சேர்ந்து வந்திருந்தால், அக்கா அதே நேரத்தில் தூங்கப் போயிருக்கலாம். கதவும் திறந்தே இருந்திருக்கும். இத்தனைக்கும் அதை எழுத இதயம் தேடும் நேரத்தைவிடச் சில நொடிகள்தான் கூடுதல்.

## யார் யாருக்குப் போடுகிறார்

வயதும் உறவும் இதில் தலையிடுகின்றன. பெரியவர் இளையவருக்குப் போடும் இதயம் பொதுவாக ஆசி போல ஏற்கப்படுகிறது. சித்தப்பா ஒருவர் இதயத்தோடு நிறுத்தினால் யாரும் வருந்துவதில்லை, அவர் அதைக் கண்டுபிடித்ததே பெரிது. இளையவர் பெரியவருக்கு அதையே செய்தால், வாய்திறந்து சொல்ல வேண்டியதைத் தலையாட்டி முடித்ததாகப் படலாம். ஆகவே பலர் பெரியவர்களிடம் கூப்பிய கைக்கு மாறுகிறார்கள், அல்லது "சரிங்க மாமா" என்று எழுதிவிடுகிறார்கள். துக்கச் செய்திக்கும் கூப்பிய கைதான் வழக்கம். உறவில்லாத ஆணும் பெண்ணும் சிவப்பு இதயத்தைத் தவிர்த்துக் கட்டைவிரலுக்குப் போவதும் உண்டு. கட்டைவிரலுக்கோ அலுவலகக் கோப்பில் போட்ட சுருக்கொப்பத்தின் வாடை.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது அந்த இருவரின் வழக்கம். எப்போதும் இதயத்தோடு முடிப்பவர் இன்றும் இதயத்தோடு முடித்தால் அது வெறும் பழக்கம். எப்போதும் பத்தி பத்தியாக எழுதுபவர் இன்று திடீரென ஓர் இதயத்தோடு நிறுத்தினால், அந்த வேறுபாடுதான் சேதி. கனடிய நீதிமன்றம் பழைய ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்த்ததும் இதற்காகவே.

## உதாசீனமா, வெறும் தற்செயலா என்று பிரித்தறிய

மனத்தாங்கல் கொள்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. வரிசையாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் முதலிரண்டிலேயே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

1. இதயம் எதன்மேல் இருக்கிறது? கடைசித் துண்டின்மேல் இருந்தால், அது அந்தத் துண்டுக்கான பதில் என்பதைவிட, விரலுக்கு எட்டியதன்மேல் போட்ட பொது முத்திரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே உருட்டிப் போய் ஒரு குறிப்பிட்ட செய்தியைத் தேடிப் போட்டிருந்தால், அது அந்தச் செய்திக்கென்றே யோசித்துப் போட்டது.

2. அந்தச் செய்தி உண்மையிலேயே எதையாவது கேட்டதா? எழுதியவர் மனத்தில் கேள்வி இருந்து, எழுத்தில் "பாப்போம்" மட்டும் இருந்தால், எதிராளிக்குத் தெரிந்தது "பாப்போம்" மட்டுமே. குறையை ஒரு துண்டாகவும் மூடியை இன்னொரு துண்டாகவும் அனுப்புவதைவிட, "இவருக்கு வேலை அமையல, உங்களுக்குத் தெரிஞ்ச இடம் ஏதும் இருக்கா அக்கா?" என்று ஒரே செய்தியில் கேட்டிருந்தால் இதயத்தோடு நிறுத்துவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

3. செயலியின் கோளாறா? இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தியை இருமுறை தட்டினாலே இதயம் விழும். நகர்த்தும்போது கைபட்டும் விழலாம். வாட்ஸ்அப்பில் ரியாக்ஷனுக்கான அறிவிப்பை மட்டும் தனியே அணைத்து வைக்க முடியும். அப்படி அணைத்து வைத்தவருக்கு, நீங்கள் போட்ட இதயம் வந்ததே தெரியாது. பதிலே வரவில்லை என்று அவர் உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கலாம்.

4. அடுத்த பேச்சு எப்படித் தொடங்குகிறது? இதுதான் உறுதியான சான்று. ஆனால் காத்திருந்தால்தான் கிடைக்கும். மேலே கண்ட அக்கா இரண்டு நாள் கழித்து "அவருக்கு வேலை விஷயம் என்ன ஆச்சு மா?" என்று தாமாகவே தொடங்கினால், அந்த இதயம் "கேட்டுக்கொண்டேன், பிறகு பேசலாம்" என்றுதான் போடப்பட்டது. ஒரு மாதம் கழித்து வேறு எதையோ கேட்டுத் தொடங்கினால், அதற்குமேல் ஊகிக்க ஒன்றுமில்லை.

இதயம் போட்டபின் தவறு என்று தோன்றினால் அதை எடுத்துவிடலாம். எடுத்ததற்குத் தனியே அறிவிப்பு போகாது. ஆனால் போட்டதற்கான அறிவிப்பை எதிராளி அதற்குள் பார்த்திருந்தால், அரட்டையைத் திறக்கும்போது அது அங்கே இருக்காது. போட்டு எடுத்த இதயம் வெறும் இதயத்தைவிடப் பல மடங்கு கேள்விகளை எழுப்பும். அந்த நிலையில் எடுப்பதை விட்டுவிட்டு, அதன்கீழே ஒரு வரி எழுதுவதே எளிய வழி: "நேத்து தூக்கத்துல பாத்தேன் மா, இப்ப சொல்லு."